வாரம் 16 மணி நேர இன்டர்ன்ஷிப்: இரண்டு முழு நாளா, நான்கு மதியமா, கலந்து வைப்பதா?

பகுதிநேர இன்டர்ன்ஷிப் உறுதியானதும் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தெந்த நேரத்தில் வருவீர்கள்?" என்பதுதான். பெரும்பாலான மாணவர்கள் இதற்கு அவசரமாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கவனமாகப் பேசி முடிப்பவர்கள்கூட, அந்த நேரத்தை வாரத்தில் எங்கே வைப்பது என்பதை ஓட்டத்தில் விட்டுவிடுகிறார்கள். செமஸ்டர் நடுவில் தடுமாற்றம் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

ஒரே மாணவரை, ஒரே 16 மணி நேர வேலையை எடுத்துக்கொண்டு, அதை மூன்று விதமாக வாரத்தில் வைத்துப் பார்ப்போம். வகுப்பும் லேப்பும் சேர்த்து வாரம் 18 மணி நேரம். அசைன்மென்ட், லேப் ரெக்கார்டு, தேர்வுக்கான படிப்பு எல்லாம் சேர்த்துச் சாதாரண வாரத்தில் 22 மணி நேரம். கடைசித் தேதிகள் குவியும் வாரத்தில் அது 30 ஆகும். வீட்டிலிருந்து கல்லூரிக்கு 30 நிமிடம், கல்லூரியிலிருந்து அலுவலகத்துக்கு 40 நிமிடம், அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது.

வாரத்தில் 168 மணி நேரம். தூக்கத்துக்கு நாளுக்கு 8 வீதம் 56. குளிப்பது, சாப்பிடுவது, துணி, சமையல் போன்றவற்றுக்கு நாளுக்கு 3 வீதம் 21. வகுப்பு 18, படிப்பு 22, வேலை 16. எல்லாம் கூட்டினால் 133. பயணத்தைக் கழித்தாலும் 25 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சுகிறது. காகிதத்தில் இது தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த மிச்ச நேரம் வகுப்புகளுக்கு நடுவே ஒரு மணி நேரம், பேருந்துக்கு முன் இருபது நிமிடம், இரவு உணவுக்குப் பின் அரைமணி என்று துண்டுதுண்டாகக் கிடக்கிறது. புதிதாக ஒரு கணக்கைப் போடவோ, ஒரு அறிக்கையின் முதல் வரைவை எழுதவோ அந்தத் துண்டுகள் உதவாது. அதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாகக் கிடைக்க வேண்டும். எனவே மொத்த மணி நேரத்தை விட்டுவிட்டு, இப்படிப்பட்ட இரண்டு மணி நேர அமர்வுகள் வாரத்தில் எங்கே விழுகின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் வழி, வெள்ளி, சனி இரண்டு முழு நாள் வேலை. இதற்கு வகுப்புகள் திங்கள் முதல் வியாழனுக்குள் அடங்க வேண்டும். திங்கள் 9–12, 2–4, செவ்வாய் 9–11, பிறகு லேப் 2–5, புதன் 9–12, வியாழன் 9–12, 2–4. மொத்தம் 18. இரண்டு மணி நேர அமர்வுகள்: திங்கள் மாலை ஒன்று, செவ்வாய் லேப்புக்கு முன் ஒன்று, புதன் மதியம் இரண்டு, வியாழன் மாலை ஒன்று, ஞாயிறு மூன்று. ஆக எட்டு.

இரண்டாம் வழி, திங்கள் முதல் வியாழன் வரை தினமும் மதியம் 2–6 வேலை. இதற்கு வகுப்புகள் எல்லாம் காலையில் இருக்க வேண்டும்: திங்கள், செவ்வாய், புதன் 9–1; வியாழன் 9–12; வெள்ளி 9–12 லேப். இதுவும் 18தான். அமர்வுகள்: வெள்ளி மதியம் இரண்டு, சனி மூன்று, ஞாயிறு மூன்று. இங்கேயும் எட்டு.

மூன்றாம் வழி, கலந்து வைப்பது. வகுப்பு அட்டவணை முதல் வழியில் உள்ளதேதான். வேலை வெள்ளி முழு நாள், புதன் மதியம் 4 மணி நேரம் அலுவலகத்தில், சனி காலை 4 மணி நேரம் வீட்டிலிருந்து. அமர்வுகள்: திங்கள், செவ்வாய், வியாழன் ஒவ்வொன்று, சனி மதியத்துக்குப் பின் இரண்டு, ஞாயிறு மூன்று. மீண்டும் எட்டு.

எட்டு அமர்வுகள் என்றால் 16 மணி நேரம். திங்கள் முதல் வியாழன் வரை இரவு 8 முதல் 9:30 வரை உட்கார்ந்தால் இன்னும் 6. தேவையான 22 மூன்று வழியிலும் கிடைத்துவிடுகிறது. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? இரண்டு இடைவெளிகளை வைத்து. நல்ல அமர்வு ஒன்றுகூட இல்லாமல் அதிகபட்சம் எத்தனை நாள் போகிறது என்பது ஒன்று. அலுவலகத்தோடு தொடர்பு இல்லாமல் அதிகபட்சம் எத்தனை வேலைநாள் போகிறது என்பது இன்னொன்று.

நான்கு மதிய வழியில் படிப்பு இடைவெளி மிக நீளம். ஞாயிறு மாலை படிப்பை முடித்து எழுந்தால் அடுத்த நல்ல அமர்வு வெள்ளி மதியம்தான். நடுவில் இருப்பவை வேலை முடிந்து 6:45க்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, களைப்போடு உட்காரும் இரவுகள் மட்டும். இது எப்போது உடைகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியும். திங்கள் காலை ஒரு கணக்குத் தொகுப்பு கொடுக்கிறார்கள், வியாழன் காலை ஒப்படைக்க வேண்டும், நான்கு மணி நேர வேலை என்று தோன்றுகிறது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று இரவும் சேர்த்தால் நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று மனம் சமாதானம் சொல்லும். ஆனால் அந்த நான்கு மணி நேர மதிப்பீட்டை நம்பக் கூடாது.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மனிதர்கள் வழக்கமாகவே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதை டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். 1994இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. இறுதியாண்டு ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள், உண்மையில் ஆனது 55.5 நாள். ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அசைன்மென்ட் திட்டமிடும்போது மனதில் தோன்றும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கச் சொல்வது இதனால்தான். பெருக்கினால் அந்தக் கணக்குத் தொகுப்புக்கு 6 மணி நேரம் வேண்டும். இருப்பதோ களைத்த நாலரை. குறையும் ஒன்றரை மணி நேரம் புதன் இரவுத் தூக்கத்திலிருந்து போகும், வியாழன் காலை வகுப்பில் அதன் விளைவு தெரியும்.

அதே கணக்குத் தொகுப்பு கலந்த வழியில் எப்படிப் போகும்? திங்கள் மாலை 5–7 அமர்வில் இரண்டு மணி நேரம், செவ்வாய் லேப்புக்கு முன் இரண்டு. கடினமான பகுதி அங்கேயே முடிந்துவிடும். செவ்வாய் இரவையும் புதன் இரவையும் விடையைச் சரிபார்க்கவும் சுத்தமாக எழுதவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு முழு நாள் வழியில் இன்னும் எளிது, புதன் மதியம் முழுவதும் கையில் இருக்கிறது.

இதற்காக நான்கு மதிய வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரு வாரமும் அதற்கு மேலும் அவகாசம் தரும் பாடங்களே அதிகம் என்றால் அது நன்றாகவே ஓடும். வெள்ளி காலை லேப் முடிந்த கையோடு மதியம் இரண்டு அமர்வுகள் வருவதால், செய்தது மறக்கும் முன்பே ரெக்கார்டை எழுதிவிடலாம். இந்த வசதி மற்ற இரண்டிலும் இல்லை. ஆகவே செமஸ்டர் தொடக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: அசைன்மென்ட் கொடுக்கும் நாளுக்கும் ஒப்படைக்கும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள்? ஐந்து நாளுக்குக் குறைவாகத் தரும் பாடங்கள் இரண்டு இருந்தாலே நான்கு மதியம் வேண்டாம்.

இப்போது வேலைப் பக்கம். இங்கே வரிசை தலைகீழாகிறது. நான்கு மதியம் வருபவர் வாரத்தில் ஒரே ஒரு வேலைநாள்தான் கண்ணில் படாமல் இருக்கிறார். ஒரு சந்தேகம் வந்தால் அன்றோ மறுநாளோ தீர்ந்துவிடும். மற்றவர்கள் காத்திருக்கும் வேலையையும் அவரிடம் நம்பிக் கொடுக்கலாம். வெள்ளி, சனி மட்டும் வருபவரின் நிலை வேறு. சனிக்கிழமை மாலை கிளம்பினால் அடுத்த வெள்ளி காலைதான் திரும்புவார். நடுவில் நான்கு வேலைநாள் போய்விடும். வெள்ளி மதியம் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் வரவில்லை என்றால், சனிக்கிழமை மேலாளரும் விடுப்பில் இருந்தால், ஒரு வாரம் அப்படியே நிற்கும். அதனால் இத்தகைய இன்டர்ன்களுக்கு யாரையும் சாராத தனி வேலைகளே வந்து சேரும்: தரவைச் சுத்தம் செய்வது, பழைய ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது, தனியாக ஒரு சிறு கருவி எழுதுவது. எழுத்து, வடிவமைப்பு, நிரலாக்கம் போன்ற துறைகளில் இது குறையில்லை, எட்டு மணி நேரம் தொடர்ந்து கிடைப்பது அங்கே பெரிய பலம். நோயாளிகளையோ வாடிக்கையாளர்களையோ தினமும் பார்க்கும் இடத்தில் இது எடுபடாது. அலுவலகம் சனிக்கிழமை திறந்திருக்குமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் இந்த வழி இல்லவே இல்லை.

வேலையைத் துண்டுபோடுவதிலும் ஒரு செலவு உண்டு. ஒவ்வொரு முறை போய் உட்காரும்போதும், நாம் இல்லாத நேரத்தில் என்ன மாறியது என்று பார்க்கவும் விட்ட இடத்தைப் பிடிக்கவும் அரைமணி நேரமாவது போகும். கிளம்பும் முன் குறிப்பு எழுதி வைக்க இன்னும் கால்மணி. நான்கு முறை போனால் 16இல் 3 மணி நேரம் இதற்கே சரி, இரண்டு முறை என்றால் அதில் பாதி. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் 2009இல் ஆய்வாக வெளியிட்டார். கால்மணிக் குறிப்பை வீண் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எங்கே நிறுத்தினேன், அடுத்து எதைத் தொட வேண்டும், யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்ற மூன்று வரி எழுதிவிட்டு எழுந்தால், அடுத்த முறை அந்த அரைமணி வெகுவாகச் சுருங்கும்.

பயணம்தான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கிட்டால் வேறுபாடு அவ்வளவு இல்லை. கல்லூரி, அலுவலகம் இரண்டுக்குமாக இரண்டு முழு நாள் வழியில் வாரம் 7 மணி நேரம், நான்கு மதியத்தில் 8 மணி 40 நிமிடம், கலந்த வழியில் 6 மணி 25 நிமிடம். நான்கு மதியத்தில் உண்மையான நெருக்கடி வேறு இடத்தில் இருக்கிறது. 1 மணிக்கு வகுப்பு முடிந்து 2 மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். 40 நிமிடம் பயணம் போனால் சாப்பிட 20 நிமிடம். ஆசிரியர் பத்து நிமிடம் கூடுதலாகப் பேசினால் அன்று மதியச் சாப்பாடு இல்லை. வாரம் மூன்று நாள் இதே ஓட்டம். வேலை நேரத்தை 2:30–6:30 என்று தள்ள முடியாவிட்டால், இந்த ஒரு காரணமே அந்த வழியை விடப் போதும்.

எனவே வகுப்புப் பிரிவுகளைத் தேர்ந்தெடுக்க முடிகிற மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கலந்த வழியே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. படிப்பு இடைவெளி வியாழன் மாலையிலிருந்து சனி மதியம் வரைதான். அலுவலகத்தில் அடுத்தடுத்துக் காணாமல் போவது திங்கள், செவ்வாய் இரண்டு வேலைநாள் மட்டும். அதன் முழு வாரம் இப்படி இருக்கும்:

- திங்கள்: வகுப்பு 9–12, 2–4. படிப்பு 5–7. இரவு 8–9:30 இலகுவான வேலை.
- செவ்வாய்: வகுப்பு 9–11. படிப்பு 11:15–1:15, கல்லூரி நூலகத்தில். லேப் 2–5. இரவு 8–9:30.
- புதன்: வகுப்பு 9–12. அலுவலகம் 1:30–5:30. இரவு 8–9:30.
- வியாழன்: வகுப்பு 9–12, 2–4. படிப்பு 5–7. இரவு 8–9:30.
- வெள்ளி: அலுவலகம் 9–6, நடுவில் ஒரு மணி நேர உணவு இடைவேளை. இரவு எதுவும் இல்லை.
- சனி: வீட்டிலிருந்து வேலை 9–1. படிப்பு 3–5, 5:30–7:30.
- ஞாயிறு: படிப்பு 9–11, 11:30–1:30, 3–5. அதன்பின் எதுவும் இல்லை.

இதில் முழு ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வகுப்பு 18, படிப்பு 22, வேலை 16 என்றால் வாரம் 56 மணி நேர உழைப்பு, அதில் ஒரு முழு நாளை வெறுமையாக விடுவது கடினம். வாரம் ஒரு நாள் முழு ஓய்வு கட்டாயம் வேண்டும் என்பவர்கள் 12 மணி நேரத்துக்குப் பேச வேண்டும். அப்போது சனிக்கிழமை காலை கையில் வரும், இரண்டு அமர்வுகளை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஞாயிறில் மிஞ்சும் ஒரே அமர்வை வெள்ளி இரவுக்குத் தள்ள ஆசை வரும், தள்ளாதீர்கள். எட்டு மணி நேர வேலைக்குப் பின் அது நிற்காது. வியாழன் 12–2 இடைவெளியை நூலகத்தில் கழித்தால் அதில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

இரவு ஒன்றரை மணி நேரத்துக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். லேப் அளவீடுகளை அட்டவணையாக்குவது, வரைபடம் போடுவது, எழுதி முடித்ததைத் திருத்துவது, மறுநாள் பாடத்தை ஒருமுறை வாசிப்பது எல்லாம் அங்கே போகலாம். புதிய கணக்கு, முதல் வரைவு இரண்டும் வேண்டாம். களைத்த நேரத்தில் முதல் வரைவு எழுத உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பத்தி தேறும், அதையும் மறுநாள் அழிக்க வேண்டியிருக்கும்.

அசைன்மென்ட் கைக்கு வந்த அன்றே, அடுத்து வரும் அமர்வில் 20 நிமிடம் அதைத் திறந்து முழுவதும் படியுங்கள். அப்போது தீர்க்க வேண்டியதில்லை. எது புரியவில்லை, எந்தத் தரவு இல்லை, எந்த மென்பொருள் வேண்டும் என்று குறித்தால் போதும். ஆசிரியரிடம் கேட்டுப் பதில் வாங்க இரண்டு நாளாவது ஆகும். ஒப்படைக்கும் முந்தின இரவில் எழும் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசித் தேதி உள்ள எதற்கும் வியாழன் மாலை 7 மணிதான் உங்கள் கடைசி நேரம். வெள்ளி நள்ளிரவு வரை அவகாசம் இருக்கிறதே என்று நினைப்பவர்கள், அன்று அலுவலகம் முடிந்து வரும்போது எந்த நிலையில் இருப்பார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நேரக்கட்டுப்பாடே இல்லாமல், வீட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் 16 மணி நேரம் செய்யலாம் என்று சில நிறுவனங்கள் சொல்லும். கேட்க நன்றாக இருக்கும். நடப்பது என்னவென்றால், கடைசித் தேதி உள்ள அசைன்மென்ட் முன்னால் வரும், வேலை இரவுக்குத் தள்ளப்படும், வார இறுதியில் பத்து மணி நேர பாக்கி நிற்கும். அந்த வாய்ப்பு வந்தாலும் மேலே உள்ள புதன், வெள்ளி, சனி நேரங்களையே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கடினமான வாரம் எப்படி என்று பார்க்கலாம். 22 தேவைப்பட்ட இடத்தில் 30 வேண்டும். கலந்த வழியில் புதன் மதியத்தையும் சனி காலையையும் விட்டால் 8 மணி நேரம் கிடைக்கிறது, அதுவும் தலா இரண்டு மணி நேரமாக நான்கு நல்ல அமர்வுகளாக. வெள்ளி மட்டும் அலுவலகம் போவீர்கள், தொடர்பும் அறாது. இரண்டு முழு நாள் வழியில் ஒரு நாளை விட்டாலும் 8 மணி நேரம் கிடைக்கும், ஆனால் அது ஒரே நாளில் குவிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை தேர்வுக்குப் போன சனிக்கிழமையை விடுவதா வரும் சனிக்கிழமையை விடுவதா என்று குழப்பம் வரும்.

இந்தச் சலுகையைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும், நெருக்கடி வந்தபின் கேட்டால் அது விடுப்பாகத் தெரியும். 15 வார செமஸ்டருக்கு வாரம் 16 வீதம் 240 மணி நேரம். இரண்டு கடினமான வாரங்களில் 8 மணி நேரமே வருவீர்கள் என்றால் 16 போக மீதி 224, அதை 13 வாரத்தில் பிரித்தால் வாரம் சுமார் 17 மணி 15 நிமிடம். சாதாரண வாரங்களில் சனிக்கிழமை வேலையை 1 மணிக்கு முடிப்பதற்குப் பதில் 2:15க்கு முடித்தால் சரியாகிவிடும். "மொத்தம் 240 மணி நேரம் தருகிறேன், இந்த இரண்டு வாரங்களில் மட்டும் 8" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். கூடுதல் நேரத்தை அந்த வாரங்களுக்கு முன்பே செய்து சேர்த்துவிடுவது நல்லது. பின்னால் ஈடுகட்டுகிறேன் என்பது அடுத்த கடினமான வாரத்தின் மேல் போய் விழும்.

கூடவே வாராந்திரக் கூட்டத்தைப் பற்றியும் பேசுங்கள். டீம் கூட்டம் செவ்வாய் 10 மணிக்கு என்றால் வகுப்பை விட்டுக் கலந்துகொள்ள வேண்டிவரும், சில வாரங்களில் வருகைப்பதிவு குறையும். புதன் 2 மணிக்கோ வெள்ளிக்கோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள், முடியாவிட்டால் கூட்டக் குறிப்பை அனுப்பச் சொல்லுங்கள். அலுவலகம் போகாத நாட்களில் செய்திகளைப் பார்க்க ஒரு நேரம் வையுங்கள், மதியம் 1:30க்குப் பத்து நிமிடம் போதும். கல்லூரியில் குழு ப்ராஜெக்ட் இருந்தால் சந்திப்பைத் திங்கள் 12–2 இடைவெளியில் வைக்கச் சொல்லுங்கள். அப்போது எல்லோரும் கல்லூரியிலேயே இருப்பார்கள், உங்கள் அமர்வு எதுவும் போகாது.

அட்டவணை தாங்குகிறதா என்பது மூன்றாம் வாரம் முடிவதற்குள் தெரிந்துவிடும். இரவு வேலை ஒரே வாரத்தில் இரண்டு முறை 10:30ஐத் தாண்டினால், அமர்வுகளுக்கு உரிய வேலை இரவுக்கு வழிந்து வருகிறது என்று பொருள். எந்த அமர்வு தவறியது என்று தேடுங்கள், பெரும்பாலும் செவ்வாய் 11:15 ஆகத்தான் இருக்கும், நண்பர்களோடு பேசிக் கரைந்துபோகிற நேரம் அது. வியாழன் காலை வகுப்பு இரண்டு முறை தவறினால் புதன் அலுவலக நேரம் நீள்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் சரிசெய்தும் நான்காம் வாரம் அதே நிலை என்றால், குறைக்க வேண்டியது சனிக்கிழமை வேலை நேரம். தூக்கத்தில் கை வைக்காமல், அந்த வாரமே மேலாளரிடம் 12 மணி நேரத்துக்கு மாற்றிக் கேளுங்கள்.